எத்தனை ரவுண்டு, எந்த நாள்? லீவு போடும் முன் ரெக்ரூட்டரிடம் கேட்க வேண்டியவை

சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் நான்கு வருடம் ஒரு கன்சல்டன்சியில், அப்புறம் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவிலேயே. ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது போனில் பேசுவேன். சம்பளம் எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், எந்த ஊர் என்று நான் கேட்பதற்கெல்லாம் பதில் வரும். கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்றால், "இல்ல மேடம், ஓகே மேடம்" என்று வைத்துவிடுவார்கள்.

மூன்று நாள் கழித்து, "நாளைக் காலை பதினொரு மணிக்கு டெக்னிக்கல் ரவுண்டு" என்று என்னிடமிருந்து மெயில் போகும். அவர்களிடம் லீவும் இருக்காது, படித்தும் இருக்க மாட்டார்கள். ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவார்கள். நன்றாக வேலை தெரிந்தவர்கள் இப்படி ரிஜெக்ட் ஆனதை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் போனிலேயே நான்கு கேள்வி கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு அந்த நிலை வந்திருக்காது.

முதல் வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்கு மாறப் பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கேம்பஸில் தேர்வானவர்களுக்குத் தேதி, நேரம், ரவுண்டு எல்லாவற்றையும் கல்லூரியின் பிளேஸ்மென்ட் செல்லே அறிவித்துவிடும். அதனால் இதையெல்லாம் நாமே கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழக்கமே ஆகியிருக்காது.

கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டோம். ஒரு பொசிஷன் திறக்கும்போதே எத்தனை ரவுண்டு, எந்த ரவுண்டில் யார் பேனல் என்று ஹயரிங் மேனேஜரோடு பேசி முடிவு செய்துவிடுவோம். அந்தத் தகவல் எங்கள் திரையில் இருக்கிறது. யாரும் கேட்காததால்தான் சொல்லாமல் போகிறோம்.

எங்கள் பக்கத்தில் பெரிய தலைவலி 'நோ ஷோ'. இரண்டு சீனியர் இன்ஜினியர்களின் ஒரு மணி நேரத்தைக் கெஞ்சி வாங்கி வைத்திருப்போம். வர வேண்டியவர் கடைசி நிமிடத்தில், "மீட்டிங் வந்துடுச்சு, இன்னொரு நாள் வைக்கலாமா" என்பார். அடுத்த முறை அதே பேனலிடம் நேரம் கேட்கவே கூச்சமாக இருக்கும். அதனால் "லீவு பிளான் பண்ணணும், தேதி எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டால், இவர் ஒழுங்காக வந்து உட்காருவார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

முதலில், பேசுவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கூப்பிடுபவர் இரண்டு வகைப்படுவார். ஒருவர் கம்பெனியின் சொந்த எச்.ஆர். ஆள். பேனலின் காலண்டரை அவரே திறந்து பார்க்க முடியும், மேனேஜரிடம் நேராகப் பேசவும் முடியும். இன்னொருவர் கன்சல்டன்சி ஆள். கம்பெனி எச்.ஆர். சொன்னது மட்டும்தான் அவருக்குத் தெரியும். "எல்1, எல்2, அப்புறம் எச்.ஆர்." என்று பொதுவாகச் சொல்வார். தேதி கேட்டால், "கிளையன்ட் சைடுல கேட்டுச் சொல்றேன்" என்பார். அவர் மழுப்பவில்லை, அவரிடம் உண்மையிலேயே அந்தத் தகவல் இருக்காது.

எந்த வகை என்று மெயில் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகமாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: "நீங்க கம்பெனி எச்.ஆரா, இல்ல கன்சல்டன்சி மூலமா பேசுறீங்களா?" கன்சல்டன்சி என்றால் கேள்விகளை ஒரு மெயிலில் எழுதி, "இதைக் கம்பெனியில் கேட்டு வியாழக்கிழமைக்குள் சொல்ல முடியுமா?" என்று அனுப்புங்கள். வாயால் கேட்டதை அவர் மறந்துவிடலாம். எழுத்தில் இருந்தால் அப்படியே முன்னே தள்ளிவிடுவார். நானும் கன்சல்டன்சியில் இருந்தபோது அதைத்தான் செய்தேன்.

ரவுண்டு விவரம் எதையும் சொல்லாமல், ஸ்லாட் புக் பண்ண, ட்ரெய்னிங் கொடுக்க, ஆஃபர் லெட்டர் வாங்கித் தர என்று பணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். உண்மையான வேலைக்கு இன்டர்வியூ கொடுக்க யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

போனில் எந்த இடத்தில் கேட்பது

எடுத்த எடுப்பில் வேண்டாம். நாங்கள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே பேசுகிறோம்: மொத்த அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட். நோட்டீஸ் பீரியட் வந்ததும் படிவம் ஏறக்குறைய முடிந்துவிடும். அடுத்து, "சரி, உங்க புரொஃபைலை மேனேஜருக்கு அனுப்புறேன்" என்போம். நீங்கள் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

என் சித்தி மகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இது: "மேடம், இங்க லீவு ரெண்டு நாள் முன்னாடி அப்ளை பண்ணணும். அதனால மொத்தம் எத்தனை ரவுண்டு, எப்படி இருக்கும்னு இப்பவே சொன்னீங்கன்னா நான் பிளான் பண்ணிக்குவேன்." காரணத்தை முன்னால் வைத்துவிட்டுக் கேள்வியைப் பின்னால் வைக்க வேண்டும். அப்படிக் கேட்டால் அது ஒரு ஏற்பாட்டு விஷயமாக மட்டும் காதில் விழும், அவசரப்படுத்துவது போல இருக்காது.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றிலும் எதைப் பார்ப்பார்கள். "மூணு ரவுண்டு" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். ஆன்லைன் டெஸ்ட் அதில் சேர்த்தியா, எச்.ஆர். பேச்சு சேர்த்தியா என்று கேளுங்கள். நாங்கள் சில சமயம் டெக்னிக்கல் ரவுண்டை மட்டும் எண்ணிச் சொல்லிவிடுவோம். அவுட்சோர்சிங் கம்பெனிகளில் கிளையன்ட் ரவுண்டு என்று ஒன்று கடைசியில் முளைக்கும். அது கிளையன்ட் இருக்கும் நாட்டு நேரத்துக்கு ஏற்ப ராத்திரி எட்டு மணிக்குக்கூட இருக்கலாம். "கிளையன்ட் ரவுண்டு உண்டா?" என்பதைத் தனியாகவே கேட்டுவிடுங்கள்.

எதைப் பார்ப்பார்கள் என்பதில், கேள்வித்தாள் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டோம். ஆனால் கோடு எழுத வேண்டுமா, பேச்சு மட்டும்தானா, எழுதுவதென்றால் திரையைப் பகிர்ந்து சொந்த எடிட்டரிலா அல்லது அவர்கள் தரும் லிங்க்கிலா, எந்த மொழியில் எழுதலாம், எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் சொல்ல முடியும். தயாரிப்புக்கு அதுவே பெரிய வித்தியாசம். திரையைப் பகிர்ந்து கோடு எழுத வேண்டும் என்று தெரிந்தவர் வீட்டில் பேசிக்கொண்டே கோடு எழுதிப் பழகுவார். தெரியாதவர் கேள்வி-பதில் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

இரண்டாவது, ஒவ்வொன்றும் எங்கே, எந்த நேரத்தில். வீடியோவிலா, நேரிலா? நேரில் என்றால் எந்த ஆபீஸ்? ஒரே கம்பெனிக்குச் சிறுசேரியிலும் ஆபீஸ் இருக்கும், போரூர் பக்கமும் இருக்கும். வேளச்சேரியில் இருப்பவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு நாள் கணக்கு. ஆன்லைன் டெஸ்ட் என்றால், குறிப்பிட்ட நேரத்தில் உட்கார வேண்டுமா அல்லது லிங்க் சில நாள் திறந்திருக்குமா என்று கேளுங்கள். திறந்திருக்கும் என்றால் லீவே வேண்டாம், சனிக்கிழமை காலையில் முடித்துவிடலாம்.

காலை ஒன்பதுக்கு முன், மாலை ஆறரைக்குப் பின் ஸ்லாட் கிடைக்குமா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். பேனலும் வேலை பார்ப்பவர்கள்தான், காலை எட்டரையை விரும்புபவர்களும் உண்டு. பகலில்தான் முடியும் என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கேளுங்கள். இன்டர்வியூ தள்ளிப்போகும் செய்தி பெரும்பாலும் அன்று காலையில்தான் வரும். பேனல் ஆள் ஆபீஸ் வந்து மெயிலைத் திறந்த பிறகுதான் அவருக்கே வேறு வேலை வந்திருப்பது தெரியும். நீங்கள் மதியத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தால், செய்தி வந்ததும் அதைத் திரும்பப் பெற்றுவிடலாம். காலை லீவாக இருந்தால் அது போனது போனதுதான்.

மூன்றாவது, இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவே எத்தனை நாள், எத்தனை நாள் முன்னதாகத் தேதி சொல்வார்கள். இதற்குத்தான் தெளிவான பதில் கிடைப்பது கஷ்டம். "ஃபீட்பேக் வந்ததும் சொல்றோம்" என்போம். ரிசல்ட்டைப் பேனல் சிஸ்டத்தில் ஏற்றும் வரை அடுத்த ரவுண்டை எங்களால் போட முடியாது. அவர்கள் அன்றைக்கே ஏற்றலாம், ஒரு வாரமும் இழுக்கலாம். அதனால் "எப்ப சொல்வீங்க?" என்று கேட்பதை விட இப்படிக் கேளுங்கள்: "இதே டீமுக்கு இதுக்கு முன்னாடி எடுத்தவங்களுக்கு முதல் ரவுண்டுல இருந்து கடைசி ரவுண்டு வரைக்கும் எத்தனை நாள் ஆச்சு?" நடந்துமுடிந்ததைச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை, அது வாக்குறுதியும் ஆகாது. "ரெண்டரை வாரம் ஆச்சு" என்று வாயில் வந்துவிடும். உங்கள் காலண்டருக்கு அந்த ஒரு எண் போதும்.

நான்காவது, கடைசி ரவுண்டு முடிந்து முடிவு தெரிய எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் ஆள் சேர வேண்டும். தொண்ணூறு நாள் நோட்டீஸ் இருப்பவர் இதை முதல் போனிலேயே கேட்க வேண்டும். முப்பது நாளில் சேருபவர்தான் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தால், நான்கு ரவுண்டும் ஜெயித்த பிறகு அது தெரியவந்து என்ன பயன்? இரண்டு நாள் லீவும் இரண்டு வாரத் தூக்கமும்தான் போயிருக்கும்.

பேசியதை எழுதி அனுப்புங்கள்

போனை வைத்த அரை மணி நேரத்துக்குள் நீங்கள் புரிந்துகொண்டதை நாலைந்து வரியில் அனுப்பிவிடுங்கள். நம்மூரில் இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம். எந்த மொழியானாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம் மேடம். இன்று பேசியதற்கு நன்றி. நான் குறித்துக்கொண்டது: ஆன்லைன் டெஸ்ட் (லிங்க் மூன்று நாள் திறந்திருக்கும்), இரண்டு டெக்னிக்கல் ரவுண்டு வீடியோவில், கடைசி ரவுண்டு பெங்களூரில் நேரில். மொத்தம் சுமார் மூன்று வாரம். ஜூன் 18 முதல் 22 வரை எங்கள் ரிலீஸ் இருப்பதால் அந்த நாட்களில் என்னால் வர இயலாது. மற்ற நாட்களில் இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் வசதியாக இருக்கும். ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்."

இந்தக் கடைசி வரி ரொம்ப உதவும். "உறுதிப்படுத்துங்கள்" என்று கேட்டால் பதில் எழுத வேண்டும், தள்ளிப்போடுவோம். தவறு இருந்தால் மட்டும் திருத்தச் சொன்னால் படித்துப் பார்ப்போம், தப்பு கண்ணில் பட்டால் உடனே சொல்லிவிடுவோம். முடியாத தேதிகளும் இந்த மெயிலிலேயே இருக்கட்டும். பேனலின் நேரத்தை வாங்கப் போகும்போது அந்த மெயிலைத்தான் திறந்து வைத்துக்கொள்வேன்.

மெயில், காலண்டர் அழைப்பு எல்லாம் உங்கள் சொந்த முகவரிக்கு வரட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் அதைத் திறக்காதீர்கள், டெஸ்ட்டும் அதில் எழுதாதீர்கள். கேமராவைப் போட்டு, திரையைக் கண்காணிக்கும் டெஸ்ட்டுகள் ஆபீஸ் லேப்டாப்பின் பாதுகாப்பு அமைப்பால் பாதியிலேயே நின்றுபோவதும் உண்டு.

தங்கையின் ஜூன் மாதம்

அந்தச் சித்தி மகளின் கதையையே தேதிவாரியாகச் சொல்கிறேன். மூன்று வருட அனுபவம், ஆட்டோமேஷன் டெஸ்டிங், சோழிங்கநல்லூரில் ஆபீஸ். மீதி இருந்த கேஷுவல் லீவு மூன்று நாள். ஜூன் 21, சனிக்கிழமை ராத்திரி அவளுடைய டீமுக்கு ரிலீஸ். அந்த வாரம் புதன்கிழமையிலிருந்து யாருக்கும் லீவு கிடையாது.

ஜூன் 3, செவ்வாய்க்கிழமை ரெக்ரூட்டர் போன் வந்தது. மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டாள், மேலே இருக்கும் மெயிலை அனுப்பினாள். கிடைத்த பதில்கள்: டெஸ்ட் தொண்ணூறு நிமிடம், ஜாவாவில் இரண்டு புரோகிராம், கொஞ்சம் எஸ்.க்யூ.எல். முதல் டெக்னிக்கல் ரவுண்டு ஒரு மணி நேரம், செலினியத்தில் திரையைப் பகிர்ந்து எழுத வேண்டும். இரண்டாவது ரவுண்டில் ஏ.பி.ஐ. டெஸ்டிங், டெஸ்ட் பிளான் எப்படிப் போடுவாய் என்ற பேச்சு. கடைசியில் பெங்களூரில் மேனேஜரும் எச்.ஆரும் ஒரே நாளில். கோடிங் டெஸ்ட்டிலும் இரண்டு டெக்னிக்கல் ரவுண்டிலும் ஒவ்வொன்றிலும் தேறினால்தான் அடுத்தது.

போனை வைத்ததும் அவள் தயாரிப்பைப் பற்றித்தான் என்னிடம் கேட்டாள். லீவைப் பற்றி நான்தான் கேட்டேன். ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். டெஸ்ட்டுக்கு லீவு தேவையில்லை, 7-ம் தேதி சனிக்கிழமை. முதல் ரவுண்டுக்கு அரை நாள், இரண்டாவதுக்கு அரை நாள். பெங்களூருக்கு முந்தின ராத்திரி ரயில் ஏறி, அன்று ராத்திரியே திரும்பினால் ஒரு முழு நாள். ஆக இரண்டு நாள் செலவு, ஒரு நாள் கையிருப்பு. அந்த ஒரு நாளை எதற்கும் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

தயாரிப்பையும் அதே தாளில் பிரித்தோம். 4, 5, 6 தேதிகளில் ராத்திரி ஜாவாவும் எஸ்.க்யூ.எல்லும் மட்டும். டெஸ்ட் முடிந்த பிறகு செலினியம். ஏ.பி.ஐ. புத்தகத்தை முதல் ரவுண்டு முடியும் வரை திறக்கவே கூடாது என்றேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரட்டினால் எதுவும் கையில் நிற்காது. முதல் ரவுண்டில் போய்விட்டால் ஏ.பி.ஐ. படித்த ராத்திரிகள் வீண்.

டெஸ்ட் நன்றாகப் போனது. முதல் ரவுண்டு 11-ம் தேதி புதன்கிழமை, மாலை மூன்று மணி. அரை நாள் லீவுக்குக் காரணம் 'சொந்த வேலை' என்று மட்டும் எழுதினாள். உடம்பு சரியில்லை என்று போடவா என்று என்னிடம் கேட்டாள், வேண்டாம் என்றேன். பொய்யாகப் போட்ட சிக் லீவுக்கு மறுநாள் டீமில் எல்லோரும் நலம் விசாரிப்பார்கள், அந்தச் சங்கடத்தோடு அடுத்த ரவுண்டுக்குப் படிக்க முடியாது. சொந்த வேலை என்றால் அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை.

தேதி மாறும்போது

இரண்டாவது ரவுண்டு 16-ம் தேதி திங்கட்கிழமை, மூன்று மணி. அன்று காலை பத்து மணிக்கு ரெக்ரூட்டரிடமிருந்து செய்தி: பேனல் ஆளுக்கு வேறு வேலை, 19-ம் தேதி வைக்கலாமா? மதிய லீவு என்பதால் உடனே திரும்பப் பெற்றுவிட்டாள். ஆனால் 19 ரிலீஸ் வாரத்துக்குள் வருகிறது.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் பயந்து "ஓகே மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் ரிலீஸ் நடுவில் யாரிடமும் சொல்லாமல் எழுந்து போக வேண்டிவரும். அவள் அனுப்பிய பதில் இது: "மேடம், முன்பே சொன்னபடி 18 முதல் 22 வரை ரிலீஸ். 23-ம் தேதி திங்கள் மாலை ஆறரை, அல்லது 24-ம் தேதி செவ்வாய் மதியம் மூன்று மணி, இரண்டில் எது பேனலுக்கு வசதி? அதற்குள் இந்தப் பொசிஷன் மூடிவிடும் என்றால் மட்டும் சொல்லுங்கள், நான் வேறு வழி பார்க்கிறேன்."

முடியாது என்று சொன்ன அதே மூச்சில் இரண்டு மாற்றுத் தேதிகள் கொடுத்தாள். ஒன்று கொடுத்தால் பேனலுக்கு அது ஒத்துவராமல் மறுபடி நாள் போகும். நான்கு கொடுத்தால் எதையும் படிக்காமல் விட்டுவிடுவோம். கடைசி வரியில் மூடிவிடுமா என்று கேட்டதும் சரி. ஒரே இடத்துக்கு ஐந்து பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது, முன்னால் இருப்பவர் வெள்ளிக்கிழமை கடைசி ரவுண்டுக்குப் போகிறார் என்றால் ஒரு வாரம் தள்ளுவது நிஜமாகவே ஆபத்து. ரெக்ரூட்டருக்கு அது தெரியும். கேட்டால் பெயர் விவரம் இல்லாமல், "முடிஞ்சா இந்த வாரமே பாருங்க" என்று குறிப்பாகவாவது சொல்லுவோம். கேட்காதவரிடம் நாங்களாகப் போய்ச் சொல்வது குறைவு.

23-ம் தேதி மாலை ஆறரை கிடைத்தது. லீவே போகவில்லை. பெங்களூர் ரவுண்டு முதலில் 26 என்று பேச்சு இருந்தது, அது ஜூலை 1, செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. ரயில் டிக்கெட்டை அவள் முன்கூட்டியே எடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று. தேதி மெயிலில் வரும் வரை டிக்கெட் எடுக்காதே என்று சொல்லியிருந்தேன். காலண்டர் அழைப்பு வந்த அன்றே எடுத்தாள். கூடவே மூன்று விஷயம் கேட்டாள்: எத்தனை மணிக்குள் முடியும், வாசலில் என்ன அடையாள அட்டை காட்ட வேண்டும், பயணச் செலவு தருவார்களா. நான்கு மணிக்குள் முடிந்துவிடும் என்றார்கள், ராத்திரி ரயிலுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. பயணச் செலவு எல்லா இடத்திலும் தருவதில்லை, ஆனால் கேட்பதில் தவறே இல்லை. தருவதாக இருந்தால் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வார்கள்.

மொத்தத்தில் அரை நாளும் ஒரு முழு நாளும் போயின. ஒன்றரை நாள் மிஞ்சியது.

இன்றைக்கே வரச் சொன்னால்

எந்தத் திட்டமும் இல்லாமல், "இன்னைக்கு நாலு மணிக்கு இன்டர்வியூ, முடியுமா?" என்று போன் வரும். வேறொருவர் வராமல் பேனலின் ஸ்லாட் காலியாகியிருக்கும், அதை நிரப்பப் பார்க்கிறோம். உங்கள் மேல் தனி அவசரம் எதுவும் இல்லை. அதனால் தயாராக இல்லாவிட்டால் தாராளமாக மறுக்கலாம்: "இன்னைக்கு முடியாது மேடம், நாளை மறுநாள் மதியம் ரெண்டு மணிக்கு மேல எப்ப வேணாலும் முடியும்." நான் கூப்பிட்டு இப்படி மறுத்தவர்களை ஒருமுறைகூடப் பட்டியலிலிருந்து எடுத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு மூன்றே முக்காலுக்குப் போனை அணைத்து வைத்தவர்களை எடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நடக்கும் ஹயரிங் டிரைவுக்கு லீவு பிரச்சினை இல்லை. ஆனால் எல்லா ரவுண்டும் அன்றைக்கே இருக்கும். தயாரிப்பை ரவுண்டுவாரியாகப் பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருக்க வேண்டும். கடைசி ரவுண்டு எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டு வையுங்கள். காலை ஒன்பதுக்குப் போனவர்கள் ராத்திரி ஏழு மணி வரை காத்திருப்பது சாதாரணம். சாப்பாட்டையும் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள்.

சொன்ன தேதி தாண்டிப் போனால்

"வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்" என்று சொல்லி வெள்ளி போய்விட்டால், திங்கள் ஒரு நாள் விட்டு, செவ்வாய் காலை பதினொரு மணிவாக்கில் ஒரு செய்தி போதும். திங்கள் காலை எங்களுக்கு வாராந்தர மீட்டிங்குகள் இருக்கும், எந்தச் செய்தியும் அடியில் போய்விடும். செய்தியில் எந்த ரவுண்டு, எந்தத் தேதியில் முடிந்தது, அடுத்து எந்த நாட்கள் உங்களுக்கு வசதி என்று மட்டும் இருக்கட்டும். ஒரே நாளில் மூன்று முறை போன் செய்தால் ரிசல்ட் வேகமாக வந்துவிடாது. பேனல் ஃபீட்பேக் ஏற்றாதவரை எங்கள் கையில் எதுவும் இல்லை.

வேறு இடத்தில் ஆஃபர் கையில் இருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதியை அப்படியே சொல்லுங்கள். "8-ம் தேதிக்குள் நான் பதில் சொல்லணும்" என்று தேதியோடு வரும் செய்தியை வைத்துக்கொண்டு என்னால் மேனேஜரிடம் போய் நிற்க முடியும். "சீக்கிரம் சொல்லுங்க" என்பதை வைத்துக்கொண்டு முடியாது. ஆனால் இல்லாத ஆஃபரைச் சொல்லாதீர்கள். அப்படியானால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது.

தங்கைக்கு ஜூலை 1-க்குப் பிறகு ஐந்து வேலை நாளில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். 8-ம் தேதி மாலை வரை ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் பொறுத்தாள். 10-ம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்று வரி அனுப்பினாள். அன்று மாலை பதில் வந்தது: செலக்ட் ஆகியிருக்கிறீர்கள், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் அனுப்புங்கள், ஆஃபர் லெட்டர் அடுத்த வாரம். மறுநாளே ராஜினாமா கொடுத்துவிடவா என்று கேட்டாள். லெட்டர் கைக்கு வந்து, சம்பளமும் சேரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடு என்றேன். 18-ம் தேதி லெட்டர் வந்தது, 21-ம் தேதி திங்கட்கிழமை கொடுத்தாள்.